கப்பல் நீலம் மறுபடி வந்த வாரம்

அண்ணனும் நானும் வண்ணாரப்பேட்டையில் சலவைச் சாமான் கடை வைத்திருந்தோம். சவுக்காரம், சோடா, கஞ்சிமாவு, இஸ்திரிப் பெட்டிக்குக் கொட்டாங்கச்சிக் கரி எல்லாம் விற்றாலும், எங்கள் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நீலம்தான். சீமையிலிருந்து கட்டி கட்டியாக, காகிதம் சுற்றி, அட்டைப் பெட்டியில் வரும். கப்பலில் வருவதால் அதற்குக் கப்பல் நீலம் என்றே பேட்டையில் பெயர். ஒரு கட்டியைத் துணியில் முடிந்து, கடைசியாக அலசுகிற தொட்டித் தண்ணீரில் நாலு தரம் ஆட்டினால் போதும். மஞ்சளடித்த வேட்டிகூடப் பளிச்சென்று ஆகிவிடும். தொட்டிக்கு ஒரு கட்டி என்பது அங்கே எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற கணக்கு.

உலகச் சண்டை தொடங்கி ஐரோப்பாவிலிருந்து சரக்குக் கப்பல்கள் குறைந்தபோது முதலில் நின்றவற்றில் அந்த நீலமும் ஒன்று. இருந்த பெட்டிகள் தீர்ந்தன. அவுரி நீலத்தைக் கரைத்து ஒப்பேற்றிப் பார்த்தார்கள். துணி பச்சை பூத்துக்கொண்டு வந்தது. பல மாதங்கள் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சாமான் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

"நீலம் வந்துகீதா மொதலாளி?"

"வரல்லேம்மா. வந்தா தமுக்கு அடிச்சுச் சொல்றேன்."

இப்படித் தினமும் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்களில் ஒரு அம்மாள், வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவார். நாற்பது வயதிருக்கும். உயரமான ஆள். அவர் புருஷனுக்கு முழங்கால் மடங்காமல் போய்விட்டதால் துறையில் நின்று தோய்க்கிற வேலை முழுக்க அவர் தலையில். கூட இரண்டு பெண்பிள்ளைகள், கூலிக்கு ஒரு ஆள். மற்றவர்களைப் போல வீட்டு வெளுப்பு மட்டும் அல்ல அவருக்கு. துறைமுகத்தில் நிற்கிற ஒரு கப்பல் கம்பெனியின் துணிகளை வெளுக்கிற உரிமை மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் இருந்தது. மேஜை விரிப்பு, படுக்கை விரிப்பு, பரிமாறுகிற ஆட்களின் வெள்ளைச் சட்டை, கைக்குட்டை என்று மூட்டை மூட்டையாக வரும். கப்பல் புறப்படுவதற்குள் இஸ்திரி போட்டு ஏற்றிவிட வேண்டும். துறைமுக வாசலில் உள்ளே விடுவதற்கு முத்திரை குத்திய பாஸ் ஒன்று அவரிடம் இருந்தது. எண்ணெய்த்துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். பேட்டையில் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த பாஸுக்கு.

கப்பல் பட்லர்களுக்கு விரிப்பு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். நீலமில்லாத மாதங்களில் அந்தம்மாள் பாடு திண்டாட்டம்தான். "பட்லரு மூஞ்சிய சுளிக்கிறான் சின்ன மொதலாளி. பழுப்பா கீது, பழுப்பா கீதுன்றான். நான் இன்னாத்த பண்ணுவேன்?" என்று என்னிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

கடைசியில் சரக்கு வந்தது. ராயபுரத்தில் ஒரு கிடங்குக்காரர் சொல்லி அனுப்பினார். அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம். கட்டி இல்லை, தூள். ஒரே ஒரு மரப்பீப்பாய். வேறு தேசத்து ஆலையிலிருந்து, வேறு வழியாக வந்தது. கிடங்குக்காரர் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போட்டுக் காட்டினார். அடியில் போய் மையாகக் குந்திக்கொண்டது.

"பழைய கட்டியில நீலத்தோட சோடாவெல்லாம் கலந்து கெட்டிப்படுத்தியிருப்பான். இது வெறும் நீலம். அதனாலே பாதி போட்டாப் போதும். இன்னொண்ணு, இது கரையாது, அடியிலே தங்கும். தனியாக் கொஞ்சம் தண்ணியில குழைச்சு, துணியில வடிகட்டித்தான் தொட்டியில ஊத்தணும். கலக்கிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா துணியில திட்டுத் திட்டாப் பிடிச்சிடும்" என்றார் அவர்.

விலையும் ஏறியிருந்தது. முன்பு அணாவுக்கு நாலு கட்டி விற்றோம். இப்போது நாலு கட்டி எடையுள்ள பொட்டலத்துக்கு இரண்டணா வைத்தால்தான் கட்டும். கடைக்குத் திரும்புகிற வழியெல்லாம் அண்ணன் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "இரட்டிப்பு விலைன்னு கேட்டதும் கடையிலே வந்து சண்டை போடுவாங்க. சண்டைக் காலத்திலே பதுக்கி விக்கிறோம்னு சொல்லுவாங்க. ஒரு நோட்டீஸ் அடிச்சுடணும். விலையையும் இருப்பையும் முன்னாடியே சொல்லிட்டா நம்ம மேலே பேச்சு வராது."

நோட்டீஸை எழுதிக் கொடுத்தது நான். பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்பதை முதலில் எழுதினேன். பாதி போதும் என்று தெரிந்தால் விலை உண்மையில் ஏறவே இல்லை என்பது தானாகப் புரியும், அதற்குப் பிறகு விலையைச் சொல்லலாம் என்பது என் எண்ணம். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா விலை எங்கேன்னு தேடறாப்பலே இருக்கே. மறைச்சு வச்சாப்பலே தோணும்டா" என்று சொல்லி, வரிகளை மாற்றினார். அச்சாபீஸ்காரர் துண்டுக் காகிதத்தின் அளவைப் பார்த்துவிட்டு, மேலே பெரிய எழுத்து போட்டால் கீழே இருப்பதைச் சின்ன எழுத்தில்தான் அடைக்க முடியும் என்றார். அடைத்தார்.

அடித்து வந்தது இப்படி இருந்தது. தலைப்பில், காகிதத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, "கப்பல் நீலம் வந்துவிட்டது!" அதன் கீழே, "சரக்கு மிகக் கொஞ்சம். ஒரு வீட்டுக்கு இரண்டு பொட்டலம் மட்டும். முந்துகிறவர்களுக்கே கிடைக்கும்." அதற்கும் கீழே, "பொட்டலம் இரண்டணா." அடியில், எறும்பு வரிசை மாதிரி: "இது பழைய கட்டி நீலமல்ல, தூள். நிறம் அதிகமாகையால் முன் போட்டதில் பாதியே போதும். சிறிது நீரில் குழைத்து, துணியில் வடிகட்டி, கலக்கிக்கொண்டே உபயோகிக்கவும்."

பொய் ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாம் இருந்தது.

துறைக்குப் போகிற வழியிலும் குழாயடியிலும் ஒட்டினோம். பேட்டையில் படிக்கத் தெரிந்தவர்கள் விரலில் அடங்குவார்கள். குழாயடியில் ஒரு சவரக்கடைக்காரர் உரக்க வாசித்தாராம். "வந்துவிட்டது" என்று வாசித்ததுமே பாதிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டார்கள். "சரக்கு மிகக் கொஞ்சம்" என்றதும் மீதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். விலையைக் கேட்டு நின்று திட்டினவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களும் திட்டிக்கொண்டே ஓடினார்கள். அதற்கு மேல் யாருக்கு வாசிப்பது? நிறுத்திவிட்டார். இதெல்லாம் பின்னால் அவரே எங்களுக்குச் சொன்னது.

கடை முன்னால் அன்று நின்ற கூட்டத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பின்கட்டில் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் என் மனைவியும் நிறுத்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தோம். கையெல்லாம் நீலம். முன்னால் அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. "தள்ளாதீங்கம்மா. ரெண்டுதான். ஆமா, ரெண்டணாதான். நோட்டீஸிலே போட்டிருக்கு பாரு. அடுத்த ஆளு." கூட்டத்தின் சத்தத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. நோட்டீஸில் போட்டிருக்கிறது என்கிற நம்பிக்கை வேறு. அந்தம்மாள் வந்ததும் எனக்குக் குரலில் தெரிந்தது. "ஒரு பொட்டலம் சேர்த்துக் குடு மொதலாளி, கப்பலு நின்னுக்கினு கீது" என்று கெஞ்சினார். அண்ணன் தராசுக்குப் பின்னாலிருந்து, "எல்லாருக்கும் ரெண்டுதான், உனக்குன்னு தனியா இல்லே" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் பீப்பாய் காலி. கடையைக் கட்டும்போது அண்ணன், யாருக்கும் ஒன்றுகூட அதிகமாகக் கொடுக்கவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் பகல் ஏறியபோது அந்தம்மாள் கடைக்கு வந்தார். கையில் ஒரு மேஜை விரிப்பு. நனைந்த சேலையோடு, துறையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். விரிப்பைக் கடைப்பலகையில் விரித்துப் போட்டார்.

வெள்ளை விரிப்பின் நடுவில் ஆகாயம் கிழிந்து விழுந்தது போலத் திட்டுத் திட்டாக நீலம். ஓரமெல்லாம் கோடு.

"இன்னா மொதலாளி இது?"

அண்ணன் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லா உருப்படியும் இப்பிடித்தான் கீது. ரெண்டு தொட்டி துணி. நான் இன்னா பண்ணேன்? எப்பவும் பண்ற மாதிரிதான் துணில முடிஞ்சு ஆட்டுனேன். தண்ணி வெளுப்பாவே கீது. ரொம்ப நாளாச்சே, சரக்கு சொத்தை போலன்னு இன்னுங்கொஞ்சம் போட்டேன். ஈரத்துல நீலமாத்தான் தெரியும், காஞ்சா வெளுக்கும்னு கொடில போட்டேன். காயக் காய ஏறுது."

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தூள் தொட்டியின் அடியில் தங்கியிருக்கிறது. மேல்தண்ணீர் தெளிவாகத் தெரிய, குறைச்சலென்று நினைத்து மேலும் போட்டிருக்கிறார். பாதி போட வேண்டிய இடத்தில் இரண்டு பங்கு போயிருக்கிறது. அடியில் கிடந்த துணியெல்லாம் அதைக் குடித்துவிட்டது.

"இது தூளும்மா. பாதிதான் போடணும். வடிகட்டணும். நோட்டீஸிலே..." என்று அண்ணன் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நோட்டீசுல வந்துக்கீதுன்னு கீது, கொஞ்சம் கீதுன்னு கீது. வேற இன்னா கீது?" என்று அந்தம்மாள் கேட்டார். கேலியாக அல்ல. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அண்ணன் சட்டையைக்கூட மாட்டாமல் மேல்துண்டோடு ராயபுரத்துக்கு ஓடினார். கிடங்குக்காரர், புளிப்புப் பட்டால் அந்த நிறம் செத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்கள் குடியிருக்கும் தெருக்கடையில் சமையலுக்கென்று இருந்த வினிகர்க் காடி அத்தனையையும் வாங்கி, ஜாடி ஜாடியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே துறைக்கு வந்தார். நானும் அங்கே போனேன். தண்ணீரில் காடியைக் கலந்து விரிப்புகளை முக்கினார்கள். அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. நீலம் மெல்ல மெல்ல வெளிறியது. அந்தம்மாளின் மூத்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவருக்கும் சிரிப்பு வராத இடத்தில் அந்தப் பெண் சிரித்தது எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். கடைக்கு முதலாளி, தொட்டியில் நின்று துணி பிழிகிறாரே என்று பக்கத்துத் தொட்டிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"வுடு மொதலாளி, உனக்குப் பழக்கமில்ல. துணி கிழிஞ்சுப்பூடும்" என்று அந்தம்மாள் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை.

காடி போக மறுபடி சவுக்காரம் போட்டு அலச வேண்டும்; பிறகு கஞ்சி; பிறகு காய வேண்டும்; பிறகு இஸ்திரி. அன்று வெயில் போய்விட்டது. கப்பல் இன்னும் இரண்டு நாள் நிற்கும் என்று பட்லர் சொல்லியிருந்ததால் அந்தம்மாள் தைரியமாகத்தான் இருந்தார். மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. விரிப்புகள் வெளுத்துவிட்டன. அண்ணன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு திட்டுக்கூட இல்லை. இஸ்திரி முடிந்ததும் நாங்களே ஒரு வண்டி பிடித்து, மூட்டைகளை ஏற்றி, அந்தம்மாளோடு துறைமுகத்துக்குப் போனோம்.

கப்பல் இல்லை.

அந்தக் காலத்தில் கப்பல் எப்போது புறப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சண்டை நேரம். காலையில் உத்தரவு வந்திருக்கிறது, கிளம்பிவிட்டது. அந்தம்மாள் கரையில் நின்று, கப்பல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேறொரு கப்பலிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "நேத்தே குடுத்திருப்பேனே. காலையில தோச்சு மத்தியானம் காஞ்சு சாயங்காலம் ஏத்தியிருப்பேனே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் கடற்கரைச் சாலையில் இருந்தது. மூட்டைகளை அங்கே கொண்டுபோனோம். குமாஸ்தா ஒருவர், எங்களைப் போலத் தமிழர்தான், கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார். கப்பல் விரிப்பில்லாமல் போயிருக்கிறது, பட்லர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார். கோபக்காரர் இல்லை. அமைதியாகத்தான் பேசினார்.

அண்ணன் முன்னால் போய் நின்றார். "ஐயா, இதிலே இந்தம்மா மேலே தப்பே இல்லை. நீலம் எங்க கடையிலே வாங்கினது. சரக்கு மாறிப்போச்சு. அதனாலேதான் துணி பாழாகித் திரும்பத் தோய்க்கவேண்டியதாப் போச்சு. நான் எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"சரக்கு மாறினதை நீங்க சொல்லலையா?" என்று குமாஸ்தா கேட்டார்.

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். மடியிலிருந்து நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். அந்தம்மாளுக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதை எடுத்து வந்திருந்தார் என்று நினைக்கிறேன். நீலம் புதிது என்பதற்காவது அது ருசு ஆகுமே.

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு அடியில் இருந்ததை வாய்விட்டு வாசித்தார். "இது பழைய கட்டி நீலமல்ல, தூள். நிறம் அதிகமாகையால் முன் போட்டதில் பாதியே போதும்." வாசித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "தெளிவாத்தானே போட்டிருக்கீங்க. வடிகட்டணும்னுகூட இருக்கு. உங்க மேலே குத்தமில்லை. பார்த்துப் போடாதது இந்தம்மா குத்தம்."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "இல்லீங்க, அது சின்ன எழுத்திலே... அவங்களுக்குப் படிக்க..." என்று தடுமாறினார்.

அந்தம்மாள் குமாஸ்தாவைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார்.

"இப்பிடி எழுதிக்கீதா அதுல?" என்று கேட்டார். "மொதல்லருந்தே இது அதுல கீதா?"

அண்ணன் ஆமென்று தலையை அசைத்தார்.

"அன்னிக்கு ஒரு வார்த்த வாயால சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. குமாஸ்தா பாஸைக் கேட்டார். அந்தம்மாள் அதை இடுப்பிலிருந்து எடுத்து, எண்ணெய்த்துணியைப் பிரித்து, பாஸை மட்டும் மேஜையில் வைத்தார். துணியை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். மூட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். மடிப்புக் கலையாத அந்த விரிப்புகளை ஆபீஸ் சிப்பந்தி மூலையில் தூக்கிப் போட்டபோது அந்தம்மாள் சட்டென்று ஒரு எட்டு முன்னால் வைத்து, பிறகு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் அந்த ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். மனுக் கொடுத்தார். பாஸ் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கம்பெனித் துணிகள் வேறொருவருக்குப் போயின. சண்டை முடிந்து கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கியபோது ஒரு காண்டிராக்டர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். குடும்பங்களாகத் தோய்த்துக் கொடுக்கிற வழக்கமே அங்கே போய்விட்டது. அந்தப் பாஸ் இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு மூன்று வருஷம்தான் நிலைத்திருக்கும் என்று நான் ஒருமுறை அண்ணனிடம் சமாதானம் சொன்னேன். "அந்த ரெண்டு மூணு வருஷத்திலே அவ மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணியிருப்பா" என்றார் அவர். அந்தப் பெண் பஞ்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது அப்போது.

அந்தம்மாள் ராயபுரம் ரயில்வே குடியிருப்புகளில் வீட்டு வெளுப்பு எடுத்துப் பிழைத்தார். எங்கள் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சண்டை போட்டிருந்தால், எதிர்க்கடைக்குப் போயிருந்தால், அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அந்தம்மாள் எப்போதும் போல வருவார், சோடா வாங்குவார், கேட்ட விலையைக் கொடுப்பார். ஒருமுறை அண்ணன் கஞ்சிமாவுப் பொட்டலம் ஒன்றைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். அந்தம்மாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இளைய பெண்ணிடம் திருப்பி அனுப்பிவிட்டார். "தப்பா வந்துடுச்சாம்" என்று அந்தப் பெண் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் அதை எடுத்து உள்ளே வைக்க வெகுநேரம் ஆயிற்று.

மன்னித்துக்கொள் என்று அண்ணன் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்ல நினைத்தார். அது எனக்குத் தெரியும். அந்தம்மாள் கடைக்கு வருகிற நாட்களில் தராசைத் துடைத்துக்கொண்டே இருப்பார். வாய் திறப்பார். அதற்குள் வேறு யாராவது வந்து சவுக்காரம் கேட்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு கடை முதலாளி, துறையில் தோய்க்கிற பெண்ணிடம் அப்படிச் சொல்வது வழக்கமும் இல்லை. தொட்டியில் இறங்கிப் பிழிய முடிந்தவருக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

கட்டி நீலம் மறுபடியும் வந்தபோது அண்ணன் நோட்டீஸ் அடிக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பழைய கட்டிதான், பழைய அளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாறாத சரக்குக்கு எதற்கு இத்தனை விளக்கம் என்று பலர் சிரித்தார்கள். அந்தம்மாள் அன்று வரிசையில் கடைசியாக நின்றார். அவர் முறை வந்தபோது அண்ணன் தராசைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நான்தான் கட்டிகளை எடுத்துக் கொடுத்து, "பழைய மாதிரியேதாம்மா, தொட்டிக்கு ஒண்ணு" என்றேன்.

"ரெண்டு கட்டி போதும் சின்ன மொதலாளி. இப்ப அத்தினி வெள்ளைத் துணி எங்க வருது?" என்றார். காசை வைத்துவிட்டு, கட்டிகளை முந்தானையில் முடிந்துகொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.